முன்னூற்று நாற்பது பேர் போதுமா?

கெடாவில் பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் நீரிழிவு எவ்வளவு என்று நாம் ஓர் ஆய்வு செய்ததாக வைத்துக்கொள்வோம். 17 தோட்டங்கள், தோட்டத்துக்கு 20 பேர், மொத்தம் 340. ஆய்விதழுக்கு அனுப்பினோம். இரு மதிப்பாய்வாளர்களும் கேட்டது ஒன்றைத்தான்: இந்த எண்ணிக்கை எப்படி வந்தது?

முதலாமவர் எழுதுகிறார்: "கெடாவில் இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 340 பேர் எப்படிப் போதும்?" அநேகமாக எல்லாருக்கும் வரும் சந்தேகம் இது. மக்கள் பெருகினால் மாதிரியும் பெருக வேண்டும், பத்து விழுக்காடாவது வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் பால் ஸ்டோரில் ரப்பர் சத்தை எப்படிப் பார்ப்பார்கள்? பாலை நன்றாகக் கலக்கி, கொஞ்சம் மொண்டு, அதில் மெட்ரோலாக்கை மிதக்கவிடுவார்கள். வாளிப் பாலானாலும் தொட்டிப் பாலானாலும் மொள்வது அதே அளவுதான்.

ஆகவே பதிலில் கணக்கை அப்படியே காட்டுவோம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களிடம் நீரிழிவு 31.4 விழுக்காடு. 5 விழுக்காடு கூடக்குறைய இருக்கலாம், 95 விழுக்காடு நம்பகம் வேண்டும் என்றால்:

n = 1.96² × 0.314 × 0.686 / 0.05² = 331

மக்கள்தொகை இதில் எங்குமே வரவில்லை. மொத்தமே ஆயிரம் பேர் என்றால்தான் அதைச் சேர்ப்போம்; அப்போதும் தேவை 249 ஆகக் குறையுமே தவிர ஏறாது.

இரண்டாமவர் கேள்விதான் கனமானது: "தோட்டம் தோட்டமாக எடுத்தீர்களே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?" சேர்க்கவில்லை. ஒரே தோட்டத்தார் ஒரே கடையில் வாங்குகிறார்கள், ஒரே மாதிரி வேலை செய்கிறார்கள், பலர் உறவினர்கள். அங்கே இருபதாவது ஆள் சொல்லும் புதுச் செய்தி குறைவு. பால் நன்றாகக் கலக்கப்படவில்லை என்று பொருள். இந்த ஒற்றுமையின் அளவை 0.05 என்று கொண்டால், பெருக்க வேண்டிய எண் 1 + (20 − 1) × 0.05 = 1.95. அதாவது 331 அல்ல, 646 பேர் வேண்டியிருந்தது.

இங்கேதான் பலர் வாதாடத் தொடங்குகிறார்கள். வேண்டாம். நம் 340 பேரை 1.95-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 174 பேருக்குச் சமம். அதனால் பிழை எல்லை 5 அல்ல, சுமார் 7 விழுக்காடு. பதிலில் இப்படி எழுதலாம்: "மதிப்பாய்வாளர் சொல்வது சரி. திட்டமிடும்போது தோட்டவாரித் தொகுப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. நம்பக எல்லைகளைத் திருத்தி, இதைக் குறைபாடுகள் பகுதியில் சேர்த்துள்ளோம்." திருத்திய பக்கத்தையும் வரியையும் குறித்துவிட வேண்டும்.

7 விழுக்காட்டைத்தான் முதலிலேயே திட்டமிட்டோம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நெறிமுறைக் குழுவிடம் கொடுத்த ஆய்வுத் திட்டத்தில் பழைய கணக்கு தேதியோடு இருக்கிறது.