சவுண்ட்பார் வாங்கும் முன் டிவியின் முதுகைப் பாருங்கள்

டிவியின் பின்பக்கம் மூன்று நான்கு எச்டிஎம்ஐ போர்ட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் அருகே மட்டும் பொடி எழுத்தில் ARC என்றோ eARC என்றோ போட்டிருக்கும். சவுண்ட்பாரை அந்தப் போர்ட்டில்தான் செருக வேண்டும். பக்கத்துப் போர்ட்டில் செருகினால் படம் ஓடும், சவுண்ட்பார் மட்டும் ஊமையாக இருக்கும்.

எச்டிஎம்ஐ கேபிள் வழக்கமாகப் படத்தையும் ஒலியையும் டிவிக்குள் கொண்டுவரும். ஆனால் இன்று நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் டிவிக்குள்ளேயே ஆப்பாக இருப்பதால் ஒலி அங்கிருந்து வெளியே போக வேண்டியிருக்கிறது. முன்பு இதற்கென்று தனியாக ஓர் ஆப்டிகல் கேபிள் இழுப்பார்கள். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 அதே கேபிளில் ஒலி திரும்பிப் போக ஒரு வழி வைத்தது. அதுதான் ஏஆர்சி. 2017இல் வெளியான எச்டிஎம்ஐ 2.1 அந்த வழியை அகலப்படுத்தியது. அது இஏஆர்சி.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒலி எந்த வடிவில் போகிறது என்பதில் இருக்கிறது. பழைய ஆப்டிகல் கேபிளில் போன டிஜிட்டல் சிக்னலின் பாணியைத்தான் ஏஆர்சியும் எடுத்துக்கொண்டது. சுருக்காத ஒலி என்றால், அதாவது பிசிஎம் என்றால், இரண்டு சேனல் மட்டுமே அதில் போகும். இடம், வலம், அவ்வளவுதான். 5.1 வேண்டுமென்றால் ஆறு சேனலையும் டால்பி டிஜிட்டல் போன்ற முறையில் சுருக்கி, அந்த இரண்டு சேனலின் இடத்துக்குள் அடக்கி அனுப்ப வேண்டும். ஏஆர்சியின் கொள்ளளவு நொடிக்கு ஒரு மெகாபிட் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவுக்கே நொடிக்கு 1.5 மெகாபிட் தேவை, அது ஏஆர்சியில் தாராளமாகப் போகிறது.

இஏஆர்சியில் இந்த இரண்டு சேனல் கட்டுப்பாடு இல்லை. எட்டு சேனல் பிசிஎம், 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வரை சுருக்காமலேயே போகும். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 37 மெகாபிட். புளூரே டிஸ்க்கில் இருக்கும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் தரம் குறையாத ஒலி வடிவங்கள். இவையும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

இனி அட்மாஸுக்கு வருவோம். கடைகளில் குழப்பம் தொடங்குவது இங்கேதான். "உங்க டிவியில வெறும் ஏஆர்சிதான் சார், அட்மாஸ் வராது" என்று விற்பனையாளர் சொன்னால் அது பாதி உண்மைதான். அட்மாஸ் என்பது தனி வடிவம் அல்ல. வேறொரு வடிவத்தின் மேல் ஏறிவரும் கூடுதல் தகவல். நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் அதை டால்பி டிஜிட்டல் பிளஸ் மீது ஏற்றி அனுப்புகின்றன. நெட்ஃபிளிக்ஸில் அதன் அளவு நொடிக்கு 768 கிலோபிட் வரைதான். இது ஏஆர்சியிலேயே போகும். ஒரே நிபந்தனை, டிவி அந்த டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸை உடைக்காமல் வெளியே விட வேண்டும். பழைய டிவிகள் சில அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றிவிடும். அப்போது 5.1 கேட்கும், மேலிருந்து வரும் மழைச் சத்தம் மட்டும் காணாமல் போகும்.

புளூரே டிஸ்க்கில் அட்மாஸ் ஏறி வருவது ட்ரூஎச்டி மீது. பிளேயரை டிவியில் செருகி, டிவியிலிருந்து ஏஆர்சி வழியாக சவுண்ட்பாருக்கு அனுப்பினால் ட்ரூஎச்டிக்கு அங்கே இடமில்லை. பிளேயர் டிஸ்க்கில் கூடவே இருக்கும் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1ஐ எடுத்துக் கொடுத்துவிடும். ஆக, ஒரே சவுண்ட்பாரில் நெட்ஃபிளிக்ஸ் படம் அட்மாஸில் ஒலிக்கும், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் ஒலிக்காது. சவுண்ட்பாரில் கோளாறு என்று நினைத்து அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏஆர்சி மட்டும் உள்ள டிவி, அதில் 5.1 சவுண்ட்பார், டிவியின் இன்னொரு போர்ட்டில் பிளேஸ்டேஷன். ஒலி வடிவம் லீனியர் பிசிஎம் என்று இருந்தால், விளையாட்டு ஆறு அல்லது எட்டு சேனல் ஒலியை உருவாக்கினாலும் ஏஆர்சியைத் தாண்டுவது இரண்டு சேனல்தான். பின்னாலிருந்து வரும் காலடிச் சத்தம் முன்னாலேயே கேட்கும். இதற்கு இரண்டு வழி உண்டு. பிளேஸ்டேஷனின் ஒலி அமைப்பில் பிசிஎம்முக்குப் பதில் டால்பியைத் தேர்ந்தெடுத்தால், அது 5.1ஐச் சுருக்கி அனுப்பும், ஏஆர்சியில் போகும். அல்லது சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ இன்புட் இருந்தால் பிளேஸ்டேஷனை நேராக அதில் செருகி, அங்கிருந்து படத்தை டிவிக்கு அனுப்பலாம். அப்போது ஒலிக்கு ஏஆர்சி, இஏஆர்சி எதுவுமே தேவையில்லை. ஆனால் அந்த இன்புட் 4கே 120 ஹெர்ட்ஸ் படத்தைக் கடத்துமா என்று முதலில் பாருங்கள். பல சவுண்ட்பார்கள் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

டிவியும் சவுண்ட்பாரும் இரண்டுமே இஏஆர்சி என்றால் இந்த வேலை எதுவும் வேண்டாம். ஒன்றில் மட்டும் இருந்தால் பயனில்லை, இணைப்பு பழைய ஏஆர்சிக்கே இறங்கிவிடும். இன்னொரு எரிச்சலும் உண்டு. பல டிவிகளில் எச்டிஎம்ஐ 2.1 போர்ட் இரண்டே இரண்டு, அதில் ஒன்றுதான் இஏஆர்சி. சவுண்ட்பார் அதைப் பிடித்துக்கொண்டால் விளையாட்டுப் பெட்டிக்கு மிச்சம் ஒன்றுதான்.

டிடிஎஸ் விஷயத்தில் மட்டும் எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இஏஆர்சியால் டிடிஎஸ்-எச்டியையும் டிடிஎஸ்:எக்ஸையும் கடத்த முடியும். ஆனால் டிடிஎஸ்ஸை ஆதரிக்காத டிவிகள் பல சந்தையில் உண்டு. அவை அந்த ஒலியை வெளியே விடாமல் போகலாம். டிடிஎஸ் டிஸ்க்குகள் நிறைய வைத்திருப்பவர் வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்து விசாரிப்பது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டீரியோ மட்டுமே வந்தால் டிவியின் ஒலி மெனுவுக்குப் போங்கள். டிஜிட்டல் ஒலி வெளியீடு `PCM` என்று இருந்தால் அதை `Auto` அல்லது `Pass Through` ஆக மாற்றுங்கள். `eARC` என்று தனி வரி இருந்தால் அது அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான சவுண்ட்பார்கள் தங்கள் சிறு திரையிலோ ஆப்பிலோ இப்போது என்ன வடிவம் வருகிறது என்று காட்டும். அங்கே `PCM 2.0` என்று தெரிந்தால் சிக்கல் மேலே எங்கோ இருக்கிறது. கேபிளையும் ஒரு கண் பாருங்கள். திரும்பிப் போகும் ஒலி 14, 19 எண் பின்களின் கம்பிகளில் போகிறது. விலை மலிவான, பழைய கேபிள்களில் இஏஆர்சி தடுமாறலாம். 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' கேபிள் என்றால் கவலையில்லை.

உதட்டசைவுக்கும் பேச்சுக்கும் இடைவெளி தெரிவது ஏஆர்சியில் அவ்வப்போது வரும் தொல்லை. அதைச் சரிசெய்யும் வசதி ஏஆர்சியில் விருப்பத்துக்கு விடப்பட்டது, இஏஆர்சியில் கட்டாயம்.

ஓடிடி படமும் டிவி சேனலும்தான் உங்கள் வீட்டில் ஓடுகின்றன என்றால், டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸை விடும் ஏஆர்சி டிவியே போதும், இஏஆர்சிக்காக டிவியை மாற்றாதீர்கள். புளூரே பிளேயரையோ விளையாட்டுப் பெட்டியையோ டிவியில் செருகுவதாக இருந்தால், புது டிவி எடுக்கும்போது eARC என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.