பிவிசி குழாயும் பெட் பாட்டிலும்: சங்கிலியைப் பார்த்து மோனோமரை அறிவது எப்படி?

பலபடி என்பது சிறிய மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ பிணைந்து உருவாகும் நீண்ட சங்கிலி. அந்தச் சிறிய மூலக்கூறுதான் மோனோமர். சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய துண்டு, மீள்வரும் அலகு எனப்படும். 1929இல் அமெரிக்க வேதியியலர் வாலஸ் கரோதர்ஸ் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பலபடிகளை வகைப்படுத்தினார். அலகிலும் மோனோமரிலும் ஒரே அணுக்கள் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் அது சேர்ப்புப் பலபடி. இணையும்போது நீர் போன்ற சிறிய மூலக்கூறு வெளியேறி, அலகில் அணுக்கள் குறைந்திருந்தால் அது குறுக்கப் பலபடி.

தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பிவிசி முதல் வகை. அதன் அலகு –CH₂–CHCl–. முதுகெலும்பு முழுவதும் கார்பன் அணுக்களே. இடையில் ஆக்ஸிஜனோ நைட்ரஜனோ இல்லை. சேர்ப்புப் பலபடியை அடையாளம் காண இதுவே முதல் தடயம். இரண்டு கார்பன் கொண்ட ஓர் அலகைத் தனியே எடுத்து, அந்த இரண்டுக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பைப் போட்டால் CH₂=CHCl கிடைக்கும். இதுதான் வினைல் குளோரைடு. அலகு, மோனோமர் இரண்டின் நிறையும் 62.5தான், எதுவும் வெளியேறவில்லை.

முதுகெலும்பிலேயே இரட்டைப் பிணைப்பு இருந்தால் மட்டும் கவனம் தேவை. டயர் ரப்பரில் சேரும் பாலிபியூட்டாடையீனின் அலகு –CH₂–CH=CH–CH₂–. இதை இரண்டிரண்டு கார்பனாக நறுக்கக் கூடாது. நான்கையும் சேர்த்தெடுத்து, நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பை ஒற்றையாக்கி, இரு பக்கமும் இரட்டையாக்க வேண்டும்: CH₂=CH–CH=CH₂. இது பியூட்டாடையீன்.

குறுக்கப் பலபடிக்குக் குடிநீர் பாட்டில் செய்யும் பெட் நல்ல எடுத்துக்காட்டு. அதன் அலகு:

–O–CH₂–CH₂–O–CO–C₆H₄–CO–

முதுகெலும்பில் ஆக்ஸிஜன் இருக்கிறது. அதை ஒட்டியே CO தொகுதியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தது எஸ்டர் பிணைப்பு. நைலானிலோ ஆக்ஸிஜனுக்குப் பதில் NH இருக்கும். அது அமைடு பிணைப்பு. மோனோமரைக் கண்டுபிடிக்க, CO தொகுதிக்கும் அதையடுத்த ஆக்ஸிஜனுக்கும் இடையே வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில், வெளியேறிய நீரைத் திருப்பித் தர வேண்டும்: CO பக்கம் OH, ஆக்ஸிஜன் பக்கம் H. அப்போது HO–CH₂–CH₂–OH என்ற எத்திலீன் கிளைக்காலும், HOOC–C₆H₄–COOH என்ற டெரிப்தாலிக் அமிலமும் கிடைக்கும். இரண்டு மோனோமர், ஒரே அலகு.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். அலகில் ஓர் எஸ்டர் முழுமையாகக் கண்ணில் படுகிறது. மற்றொன்றோ ஓர் அலகின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் சந்திக்கும் இடத்தில் மறைந்திருக்கிறது. கண்ணில் படுவதை வெட்டாமல் முனைகளில் மட்டும் நீரைச் சேர்த்தால், ஒரு முனையில் OH, மறுமுனையில் COOH உள்ள ஒரே மூலக்கூறு வந்து நிற்கும். நிறையைக் கூட்டிப் பார்த்தால் பிழை வெளிப்படும். எத்திலீன் கிளைக்கால் 62, டெரிப்தாலிக் அமிலம் 166, மொத்தம் 228. பெட் அலகு 192. வித்தியாசம் 36, அதாவது இரண்டு நீர் மூலக்கூறுகள். தவறாக வந்த மூலக்கூறின் நிறையோ 210. அதில் ஒரு நீர் குறைகிறது. H, OH இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டாலும் பிழை உடனே தெரியும்: ஆக்ஸிஜனோடு ஆக்ஸிஜன் ஒட்டிய பெராக்சைடு வந்துவிடும்.

இந்த வெட்டு தாளில் மட்டும் நடப்பதல்ல. ஈரமான பெட் சில்லுகளை உருக்கினால், அந்த ஈரமே எஸ்டர் பிணைப்புகளை அறுத்துச் சங்கிலியைக் குட்டையாக்கிவிடும், பாட்டில் வலுவிழக்கும். அதனால்தான் சில்லுகளை நன்கு உலர்த்திய பிறகே அச்சில் வார்க்கிறார்கள். பிவிசியின் கார்பன் முதுகெலும்பில் நீர் இப்படி வெட்ட இடமே இல்லை.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. நைலான் 6இன் அலகு –NH–(CH₂)₅–CO–. அமைடை வெட்டி நீரைச் சேர்த்தால் ஒரு முனையில் அமீனும் மறுமுனையில் அமிலமும் உள்ள மூலக்கூறு வரும். விடைத்தாளில் அது சரியான விடையே. ஆலைகளிலோ கேப்ரோலாக்டம் என்ற வளையத்தைத் திறந்து நைலான் 6 செய்கிறார்கள். அதன் நிறை 113. அலகின் நிறையும் 113. இப்படிச் செய்யும்போது நீர் வெளியேறுவதில்லை, ஆனால் அமைடு பிணைப்பு இருக்கிறது. எனவே பலபடியின் அமைப்பு, அது எந்த மோனோமர்களிலிருந்து உருவாக முடியும் என்பதை மட்டுமே சொல்லும். ஆலையில் எதிலிருந்து செய்தார்கள் என்பதைத் தயாரிப்பு முறையைப் பார்த்தே அறிய வேண்டும்.