சத்தியக் கடதாசி முடித்தால் பிறந்த தேதி மாறிவிடுமா?

மூதூரிலிருந்து வந்த ஒரு மாணவியின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் பிழை தெரிந்தது. பாடசாலைச் சேர்வு இடாப்பில் 2006 மார்ச் 12. பிறப்புச் சான்றிதழிலோ 2006 டிசம்பர் 3. பன்னிரண்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன.

உம்மாவுக்குச் சந்தேகமில்லை. "ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு ரெண்டு மாசத்துல பிறந்த புள்ள சேர். கந்தளாய்க்கு ஓடக்குள்ள கையில இருந்தா" என்றார். மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தது 2006 ஆகஸ்டில். ஆகவே பாடசாலைப் பதிவே சரி. ஊர் திரும்பிய பின் பிந்திப் பதிந்தபோது பிறப்புப் பதிவில்தான் தவறு நேர்ந்திருக்கிறது.

அவர்கள் முதலில் போனது சமாதான நீதவானிடம். முஸ்லிம்கள் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதியுரை செய்து கையொப்பமிடலாம். சட்டப்படி இரண்டுக்கும் ஒரே வலு. ஆனால் அந்தக் கடதாசி உம்மாவின் சாட்சியம் மட்டுமே. அது பிறப்புப் பதிவேட்டை மாற்றாது. ஆட்பதிவுத் திணைக்களம் பார்ப்பது பிறப்புச் சான்றிதழை.

பலர் இங்கேதான் "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறார்கள். அடையாள அட்டை இலக்கமே பிறந்த தேதியிலிருந்துதான் உருவாகிறது. முதல் நான்கு இலக்கம் ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு, பெண்களுக்கு 500 கூட்டப்படும். மார்ச் 12 என்றால் இந்தப் பிள்ளையின் இலக்கம் 2006572 என்று தொடங்கும்; டிசம்பர் 3 என்றால் 2006838. பிழையான தேதியில் அட்டை எடுத்துவிட்டால் பிறகு இலக்கமே மாற வேண்டும். பரீட்சைப் பதிவு, வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு எல்லாம் அதன் பின்னால் இழுபடும்.

ஆகவே பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கான பிரகடனம் கொடுக்கச் சொன்னேன். அங்கே பலமாக நின்றது பிள்ளையின் கிளினிக் அட்டை. முதல் தடுப்பூசிகளின் தேதிகள் ஆகஸ்டுக்கு முந்தியவை. டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு அது எப்படி முடியும்? சேர்வு இடாப்பின் பிரதியும் உம்மாவின் சத்தியக் கடதாசியும் அதற்குத் துணை. திருத்தம் ஏற்கப்பட்டது. பழைய பதிவை அழிப்பதில்லை, திருத்தத்தைக் குறிப்பாகச் சேர்ப்பார்கள். அதனால் புதிதாக ஒரு பிரதி எடுத்த பிறகே அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தோம்.

இப்படி எழுத்துச் சான்று எதுவும் கையில் இல்லாதவர்களுக்கும், சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுபவர்களுக்கும் பாதை கடினம். பதிவாளர் ஏற்க மறுத்தால் சட்டத்தரணி ஒருவருடன் மாவட்ட நீதிமன்றக் கட்டளையை நாட வேண்டியிருக்கும்.

பிறப்புப் பதிவு சரியாக இருந்து பாடசாலை மட்டும் பிழையாக எழுதியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. சான்றிதழின் பிரதியோடு அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். பரீட்சைச் சான்றிதழிலும் அதே பிழை ஏறியிருந்தால் பரீட்சைத் திணைக்களத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறையவில்லை, ஒரு மாதம் முன்தள்ளித் தாருங்கள் என்று கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அது திருத்தம் அல்ல, பொய்ப் பிரகடனம். கிளினிக் அட்டை அவர்களுக்கு எதிராகவும் பேசும்.