வங்கி பிடித்த 1,770 ரூபாய்

ஒரு சின்ன ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். கடைப் பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட். ஜூலை மாத ஸ்டேட்மெண்டில் சரக்குப் பணம், வாடகை, வசூல் என்று தெரிந்த வரிகளுக்கு நடுவில் தெரியாத வரி ஒன்று: 1,770 ரூபாய் பற்று, எதிரே MAB என்று தொடங்கும் சுருக்கெழுத்து. கடைக்காரர் என்ன செய்வார்? “மினிமம் பேலன்ஸ் வைக்கல, பிடிச்சுட்டாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அவர் சொல்வது பாதி சரி. அபராதம் உண்டுதான். ஆனால் அது 1,770 ரூபாய்தானா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

முதலில் செய்ய வேண்டியது, அந்தத் தொகையிலிருந்து ஜிஎஸ்டியைக் கழற்றுவது. வங்கிக் கட்டணங்களுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. சில வங்கிகள் அதைத் தனி வரியாகக் காட்டும், சில வங்கிகள் கட்டணத்தோடு சேர்த்தே பிடிக்கும். சேர்த்துப் பிடித்திருந்தால் 1.18-ஆல் வகுங்கள். 1,770-ஐ வகுத்தால் 1,500 வருகிறது. அப்படியானால் வங்கி விதித்த அபராதம் 1,500, வரி 270. கட்டணப் பட்டியலில் தேட வேண்டிய எண் 1,500 தான். பட்டியலில் வரி சேர்க்காத தொகைதான் அச்சாகியிருக்கும் என்பதால் 1,770-ஐத் தேடினால் எங்கும் கிடைக்காது.

அடுத்து, கட்டணப் பட்டியல். வங்கியின் இணையதளத்தில் Schedule of Charges அல்லது Service Charges என்ற தலைப்பில் பிடிஎஃப் கோப்பாக இருக்கும். இங்கே இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அது எந்தத் தேதி முதல் அமலில் இருக்கிறது என்பது. தளத்தில் பெரும்பாலும் இன்றைய பட்டியல்தான் இருக்கும். ஜூலையில் பிடித்தது ஜூன் மாதக் குறைவுக்கான அபராதம் என்பதால், நமக்கு வேண்டியது ஜூன் மாதம் அமலில் இருந்த பட்டியல். மாறியிருந்தால் பழையதைக் கிளையில் கேட்டு வாங்கலாம். இரண்டாவது, உங்கள் கணக்கு எந்த வகை என்பது. ஒரே வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் பல வகைகளில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு குறைந்தபட்ச இருப்பு, வேறு அபராதம். கணக்கு தொடங்கும்போது கையெழுத்திட்ட படிவத்திலோ வரவேற்புக் கடிதத்திலோ வகையின் பெயர் இருக்கும்.

நம் கடைக்காரரின் படிவப்படி அவருடைய வகைக்கு மாதச் சராசரி இருப்பு 25,000 ரூபாய் இருக்க வேண்டும். பட்டியலில் இந்த வகைக்கான கட்டத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: சராசரி 25,000-க்குக் குறைந்து, அதில் பாதியான 12,500-க்குக் கீழே போகாமல் இருந்தால் அபராதம் 500. பாதிக்கும் கீழே போனால் 1,000. அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் 1,500 என்ற எண்ணே இல்லை. இங்கேயே சந்தேகம் வலுத்துவிட்டது. ஆனாலும் புகார் எழுதும் முன், சராசரியை நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

பலர் தடுமாறுவது இங்கேதான். சிலர் மாதத்தின் மிகக் குறைந்த இருப்பைப் பார்த்துப் பதறுவார்கள். சிலர் ஸ்டேட்மெண்டில் வரிக்கு வரி இருக்கும் பேலன்ஸை எல்லாம் கூட்டி வரிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். இரண்டும் தவறு. சராசரி என்பது ஒவ்வொரு நாளும் முடியும்போது கணக்கில் இருந்த தொகைகளைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுத்து வருவது. ஒரே நாளில் பத்து வரவு செலவு நடந்திருந்தாலும் கடைசி வரியின் பேலன்ஸ்தான் அன்றைய கணக்கு. ஞாயிறும் விடுமுறை நாளும் விலக்கல்ல. ஸ்டேட்மெண்டில் அந்த நாட்களுக்கு வரியே இருக்காது. முந்தைய நாளின் இருப்பு அப்படியே நீளும்.

கடைக்காரரின் ஜூன் மாதத்தைப் பார்ப்போம். 1-ஆம் தேதி முதல் 4 வரை, நான்கு நாள், கணக்கில் 18,000 இருந்தது. 5-ஆம் தேதி வாடகையும் ஒரு செக்கும் போய் 6,000 ஆனது. 10-ஆம் தேதி வரை ஆறு நாள் அப்படியே. 11-ஆம் தேதி ஒரு காண்ட்ராக்டர் 40,000 அனுப்ப, 46,000 ஆகி 17 வரை ஏழு நாள் நின்றது. 18-ஆம் தேதி சரக்குக்கு 34,000 போக, மிச்சம் 12,000. 24 வரை ஏழு நாள். 25-ஆம் தேதி 20,000 வரவு வைத்ததில் 32,000 ஆகி, மாதக் கடைசி வரை ஆறு நாள் இருந்தது.

ஒவ்வொரு தொகையையும் அது நின்ற நாட்களால் பெருக்குங்கள். 72,000, 36,000, 3,22,000, 84,000, 1,92,000. மொத்தம் 7,06,000. முப்பதால் வகுத்தால் 23,533 ரூபாய். எக்ஸெலில் போடுவதென்றால் பி பத்தியில் இருப்பு, சி பத்தியில் நாட்கள் என்று எழுதி, இந்த ஒரு வரி போதும்:

```
=SUMPRODUCT(B2:B6,C2:C6)/SUM(C2:C6)
```

நாட்களின் கூட்டுத்தொகை அந்த மாதத்தின் நாட்களுக்குச் சமமாக இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிழை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆக, சராசரி 25,000-ஐத் தொடவில்லை. அபராதம் உண்டு, அதை மறுக்க வழியில்லை. ஆனால் 12,500-க்கு மேலே வெகுதூரத்தில் இருக்கிறது. பட்டியல்படி 500 ரூபாயும் 90 ரூபாய் வரியும், மொத்தம் 590. பிடித்தது 1,770. கூடுதலாகப் போனது 1,180 ரூபாய்.

இந்த 1,500 எங்கிருந்து வந்தது? அதே பிடிஎஃப்பில் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. 50,000 ரூபாய் சராசரி வைக்க வேண்டிய அடுத்த வகைக்கு, பாதிக்கும் கீழே போனால் அபராதம் 1,500 என்றிருக்கிறது. 50,000-இல் பாதி 25,000. நம்மவரின் 23,533 அதற்குக் கீழேதான். கணினி இவருடைய கணக்கை 50,000 வகையாக நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறது. கூட்டலும் வகுத்தலும் சரியாகவே நடந்திருக்கின்றன. கணக்கின் வகைக் குறியீடு மட்டும் தவறு. கணக்கைத் திறக்கும்போது தவறாகப் பதிவானதாக இருக்கலாம், பிறகு வகை மாற்றும்போது நேர்ந்ததாகவும் இருக்கலாம்.

எனவே, தவறான தொகையைக் கண்டால் அது பட்டியலில் வேறு எந்தக் கட்டத்தில் பொருந்துகிறது என்று தேடுங்கள். “அதிகமாகப் பிடித்துவிட்டீர்கள்” என்ற புகாருக்குக் கிளையில் ஒரு பொதுவான பதில்தான் வரும். “என் கணக்கை வேறு வகையில் வைத்திருக்கிறீர்கள்” என்றால் அவர்கள் திரையைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

அதற்கு முன், நம் பக்கம் தவறு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சில வகைகளில் மாதச் சராசரி கிடையாது, காலாண்டுச் சராசரிதான். அதற்கு மூன்று மாத நாட்களையும் சேர்த்து வகுக்க வேண்டும். ஜூன் மாதக் குறைவுக்கான அபராதம் ஜூலையில்தான் பிடிக்கப்படும் என்பதால், ஜூலை இருப்பை வைத்துக் கணக்குப் போட்டால் விடை பொருந்தாது. போட்ட செக் இன்னும் பணமாகாமல் இருந்தால், ஸ்டேட்மெண்டில் வரவு தெரிந்தாலும் சராசரிக்கு அது எந்தத் தேதியிலிருந்து சேர்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் படியுங்கள். கடையில் அந்த வங்கியின் ஸ்வைப் மெஷின் இருந்து குறிப்பிட்ட அளவு வியாபாரம் நடந்தால் இருப்பு நிபந்தனையைத் தளர்த்தும் வகைகளும் உண்டு. அப்படி ஒரு குறிப்பு இருந்தால் அந்த 590-கூடப் பிடித்திருக்கக் கூடாது.

புகாரில் எழுதக் கூடாத ஒன்றும் இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு அபராதம் பற்றி ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், குறைந்த தொகையின் விகிதத்தில்தான் பிடிக்க வேண்டும், அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸில் போகக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. பலர் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். அது சேமிப்புக் கணக்குக்கானது. 2025-இல் சில பொதுத்துறை வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை நீக்கியதாக வந்த செய்தியும் சேமிப்புக் கணக்கைப் பற்றியதே. கரண்ட் அக்கவுண்டுக்கு இந்தக் கவசம் இல்லை. இங்கே நம் கையில் இருப்பது வங்கி தானே வெளியிட்ட கட்டணப் பட்டியலும் நாம் கையெழுத்திட்ட படிவமும்தான். அதனால்தான் அவற்றை வரிக்கு வரி ஒப்பிட வேண்டியிருக்கிறது.

கடிதம் நாலு வரிக்கு மேல் வேண்டாம். கணக்கின் வகை இது, படிவ நகல் இணைப்பு. ஜூன் மாதச் சராசரி 23,533, கணக்கீடு இணைப்பு. அமலில் இருந்த பட்டியல்படி அபராதம் வரியோடு 590, பிடித்தது 1,770. வரியோடு சேர்த்து 1,180 ரூபாயைத் திருப்பி வரவு வைத்து, கணக்கின் வகையையும் திருத்த வேண்டும். இதில் கடைசிக் கோரிக்கைதான் முக்கியம். பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்து, வகையைத் திருத்தாமல் விட்டால் அடுத்த மாதமும் அதே 1,770 போகும். திரும்ப வரும் தொகையில் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 1,000 மட்டும் வந்தால் 180 பாக்கி. அந்த வரிக்கு ஏற்கெனவே இன்புட் கிரெடிட் எடுத்திருந்தால் ஆடிட்டரிடம் சொல்லி அதைக் குறைக்க வேண்டும்.

“உங்கள் கணக்கு வேறு வகைக்கு மாற்றப்பட்டுவிட்டது” என்று பதில் வந்தால், எந்தத் தேதியில், எந்த அறிவிப்பின் பேரில் என்று கேட்டு, அறிவிப்பின் நகலையும் கேளுங்கள். எல்லாவற்றையும் மின்னஞ்சலிலோ, முத்திரை வாங்கிய கடிதத்திலோ செய்யுங்கள். கவுண்டரில் வாய்ச்சொல்லாகச் சொன்னதற்குப் புகார் எண் கிடையாது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் செய்யாமல் நேரே அங்கே போனால் மட்டும் மனு நிற்காது.

ஒரு மாதத்தில் வகை தவறாக இருந்தால், அதற்கு முந்தைய மாதங்களிலும் தவறாகவே இருந்திருக்கலாம். ஆகவே கடிதம் அனுப்புவதற்கு முன் கணக்கு தொடங்கிய நாள்வரை பின்னோக்கிப் போய், அதே தொகை எத்தனை முறை பிடிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணி, மொத்தத்தையும் ஒரே புகாரில் கேளுங்கள்.