ஆடிட்டர் கையெழுத்து எதற்கு உத்தரவாதம்?

2009 ஜனவரி 7. ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் இருப்பதாகக் கணக்குப் புத்தகம் சொல்கிறது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஏட்டில் இருந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 94 ரூபாய் வெறும் கற்பனை. அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது.

முதலீட்டாளர்களை அதிகம் உலுக்கியது வேறொன்று. அந்த நிறுவனத்தின் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்து, குறையில்லை என்று கையெழுத்திட்டு வந்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற உலகப் புகழ்பெற்ற பெயர். அப்படியானால் அந்தக் கையெழுத்துக்கு என்னதான் பொருள்?

கணக்கைத் தயாரிப்பது நிறுவனத்தின் நிர்வாகம்; ஆடிட்டர் அல்ல. நிர்வாகம் எழுதிய கணக்கு, விதிகளின்படி உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகிறதா என்பதில் ஆடிட்டர் தன் கருத்தைச் சொல்கிறார். அவர் தருவது ‘நியாயமான உறுதி’. அது உயர்ந்த அளவு உறுதிதான், ஆனால் முழு உத்தரவாதம் இல்லை. லட்சக்கணக்கான பரிவர்த்தனைகளில் மாதிரிகளை எடுத்தே அவர் சோதிக்கிறார். கணக்கைப் படிப்பவரின் முடிவை மாற்றக்கூடிய அளவுக்குப் பெரிய பிழை இருக்கிறதா என்பதே அவர் கேள்வி. சில்லறைப் பிழைகள் அந்தச் சல்லடையில் நிற்காமல் போகலாம்.

பிழையைவிட மோசடியைப் பிடிப்பது கடினம் என்று தணிக்கைத் தரநிலைகளே ஒப்புக்கொள்கின்றன. தவறுதலாக எழுதியவர் அதை மறைக்க மாட்டார். திட்டமிட்டு எழுதியவரோ போலி ரசீது, போலி வங்கிக் கடிதம் என்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பார்.

ஆனால் சத்யம் விஷயத்தில் இந்தச் சமாதானம் முழுதாகச் செல்லாது. தேய்மானமோ வராக்கடனோ மதிப்பீட்டுக்கு உட்பட்டது. வங்கி இருப்பு அப்படியல்ல. அதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஆடிட்டர் வங்கிக்குத் தானே கடிதம் அனுப்ப வேண்டும். பதில் நிறுவனத்தின் கைக்குப் போகாமல் நேராக அவரிடம் வரவேண்டும். ஜோடித்த காகிதம் நுழைய முடியாதபடி காப்பது இந்த நேரடித் தொடர்புதான்.

அமெரிக்கப் பங்குச் சந்தையிலும் சத்யம் பட்டியலிடப்பட்டிருந்ததால், அந்நாட்டின் பங்கு, பரிவர்த்தனை ஆணையமும் விசாரித்தது. இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களை அனுப்புவதையும் பெறுவதையும் தணிக்கைக் குழு வாடிக்கையாளர் நிறுவனத்திடமே விட்டுவிட்டது, வந்த பதில்களை வங்கிகளிடம் கேட்டு உறுதிசெய்யவும் இல்லை என்று 2011இல் அது சொன்னது. பிரைஸ் வாட்டர்ஹவுஸைச் சேர்ந்த தணிக்கை நிறுவனங்கள் ஆணையத்துக்கு 60 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டன. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் இருவர் ஆடிட்டர்கள். பின்னர் மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

ஆக, குறையற்ற அறிக்கைக்குப் பின்னால் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. முறையாகச் சோதித்தும் மோசடி தப்பிவிடலாம். சோதனையே முறையாக நடக்காமலும் போகலாம். வெளியிலிருந்து படிப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அறிக்கை சொல்லாத விஷயங்களும் உண்டு. பங்கு வாங்கத் தகுந்ததா, நிர்வாகம் திறமையானதா, அடுத்த ஆண்டு லாபம் வருமா என்பது குறித்து அது வாயே திறப்பதில்லை. நஷ்டத்தில் மூழ்கும் நிறுவனமும் நஷ்டத்தை நேர்மையாகக் காட்டினால் ‘க்ளீன் ரிப்போர்ட்’ பெறும்.

பிறகு எதைப் பார்ப்பது? ஆண்டறிக்கையில் தணிக்கை அறிக்கையின் கருத்துப் பகுதிதான் முதலில் படிக்க வேண்டியது. ‘இன்ன விஷயம் தவிர’ என்று வந்தால், அந்த ஒரு விஷயத்தில் ஆடிட்டருக்கு உடன்பாடில்லை அல்லது போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்று நேராகவே சொன்னால், அது எதிர்மறைக் கருத்து. கருத்துச் சொல்ல இயலவில்லை என்று அவர் ஒதுங்கிக்கொண்டால், அதுவும் கடுமையான எச்சரிக்கை. நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் இருந்தால், அதற்கென்றே தனிப் பத்தி இருக்கும். கருத்து குறையற்றதாக இருந்தும் இந்தப் பத்தி வரலாம் என்பதால், அதைத் தாண்டிப் போகக் கூடாது.

வங்கியில் பெரும் இருப்பு காட்டும் நிறுவனம் அதற்கு ஏற்ற வட்டி ஈட்டுகிறதா என்று ஒப்பிடுவது சாதாரண முதலீட்டாளரும் செய்யக்கூடிய சோதனை. அதுவும் முழுப் பாதுகாப்பு தராது. சத்யத்தில் 376 கோடி ரூபாய் வட்டி வரவும் பொய்யாகவே எழுதப்பட்டிருந்தது. ராஜுவின் கடிதம் வெளியான சில நாட்களில், அந்த நிறுவனத்துக்குத் தான் அதுவரை கொடுத்த தணிக்கைக் கருத்துகளை இனி நம்ப வேண்டாம் என்று பிரைஸ் வாட்டர்ஹவுஸே அறிவித்தது.