மாலை ஏழு மணிக்கு ஒரே செய்தி

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "பி பிளாக்ல தண்ணி வரல" என்று ஒருவர் காலை ஆறரைக்குப் போடுவார். அதன்மேல் இருபது குட்மார்னிங் படங்களும் ஒரு பிறந்தநாள் வாழ்த்தும் வந்து குவிந்துவிடும். மாலையில் சங்கச் செயலாளர் பார்க்கும்போது அந்தப் புகார் எங்கோ அடியில் கிடக்கும். அதனால் பல சங்கங்கள் இப்போது கூகுள் ஃபார்ம் ஒன்றைப் போட்டு, "புகாரை இதில் மட்டும் எழுதுங்கள்" என்று சொல்லிவிடுகின்றன. பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி, யாரும் அந்த ஷீட்டைத் திறந்து பார்ப்பதில்லை என்பது.

அந்த மீதியை நிரல் எழுதத் தெரியாதவர்களே தீர்த்துக்கொள்ளலாம். மேக், ஸாப்பியர் போன்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. பெட்டி பெட்டியாக வேலைகளை வரிசையில் வைத்துக் கோர்த்தால், சொன்ன நேரத்துக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். இங்கே மேக்கை எடுத்துக்கொள்கிறேன். 2022 வரை இன்டிகிரோமேட் என்ற பெயரில் இருந்தது இதுதான். 48 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு, மாலை 7 மணிக்குச் செயலாளர், பொருளாளர், பிளம்பர் மூவரும் உள்ள டெலிகிராம் குழுவுக்கு அன்றைய புகார்கள் ஒரே செய்தியாகப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

ஏன் வாட்ஸ்அப் இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள். கருவிகள் வழியாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப அதன் வணிகக் கணக்கு வேண்டும். பெறுபவர் கடைசியாக நமக்கு எழுதி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வார்ப்புச் செய்தியை மட்டுமே அனுப்ப முடியும். தினமும் மாறும் புகார்ப் பட்டியலுக்கு அது தோதுப்படாது. டெலிகிராமில் அந்தத் தடை கிடையாது, செலவும் கிடையாது.

ஃபார்மில் மூன்று கேள்விகள் போதும்: வீட்டு எண், புகார் வகை, விவரம். முதல் இரண்டையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதாக வையுங்கள். தட்டச்சு செய்யவிட்டால் ஒரே வீடு "பி12", "B-12", "பி பிளாக் 12" என்று மூன்று வடிவில் வந்து நிற்கும். பதில்கள் விழும் ஷீட்டில் முதல் நெடுவரிசை, பதில் வந்த நேரம். அதை ஃபார்மே தானாகப் போட்டுவிடும். நம் வேலை முழுக்க அந்த நேரத்தை நம்பித்தான் நடக்கப்போகிறது. ஆகவே ஷீட்டின் அமைப்பில் நேர மண்டலம் இந்திய நேரமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லண்டன் நேரத்தில் இருந்தால், கோடைக்கால நேரம் இல்லாத மாதங்களில், காலை 9 மணிப் புகார் 3:30 என்று பதிவாகும்.

இனி முக்கியமான கேள்வி: இன்றைய புகார்கள் என்றால் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை? முதன்முதலில் செய்பவர்கள் பெரும்பாலும் "இன்றைய தேதி உள்ள வரிகளை எடு" என்றுதான் அமைப்பார்கள். சோதித்துப் பார்த்தால் சரியாகவும் இருக்கும். செவ்வாய் இரவு 9:15க்கு ஏ4 வீட்டுக்காரர் குளியலறைக் குழாய் கசிகிறது என்று எழுதுகிறார். செவ்வாய்க்கிழமைச் செய்தி 7 மணிக்கே போய்விட்டது. புதன் மாலை கருவி மறுபடி ஓடும்போது புதன் தேதி உள்ள வரிகளை மட்டும் எடுக்கிறது. ஏ4 வீட்டுப் புகார் எந்த நாள் செய்தியிலும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பி எழுதுகிற நேரமே இரவு 7 முதல் 12 வரைதான். ஆக, அதிகம் எழுதப்படுகிற புகார்களே மொத்தமாக விழுந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசமான விஷயம்.

இதற்குச் சரியான வழி தேதியை விட்டுவிட்டு, "கடைசியாக எதுவரை அனுப்பினோம்" என்பதைக் குறித்துவைப்பது. அதே ஷீட்டில் Summary என்று தனியாக ஒரு தாள் திறந்துகொள்ளுங்கள். B1 கட்டத்தில் கடைசியாக அனுப்பிய செய்தி எந்த நேரம் வரைக்கும் என்பது. B2இல் இன்றைய செய்தி எந்த நேரம் வரைக்கும் என்பது. B3இல் இந்த இரண்டு நேரங்களுக்கு நடுவே வந்த புகார்களின் எண்ணிக்கை:

```
=COUNTIFS('Form Responses 1'!A:A,">"&B1,'Form Responses 1'!A:A,"<="&B2)
```

B4இல் புகார்களை வரிவரியாகக் கோர்க்கும் சூத்திரம்:

```
=IF(B3=0,"புகார் எதுவும் இல்லை",TEXTJOIN(CHAR(10),TRUE,
FILTER('Form Responses 1'!B:B&" - "&'Form Responses 1'!C:C&": "&'Form Responses 1'!D:D,
'Form Responses 1'!A:A>B1,'Form Responses 1'!A:A<=B2)))
```

B5இல் இரண்டையும் சேர்த்து, அனுப்ப வேண்டிய செய்தி:

```
=LEFT(TEXT(B1,"dd/mm hh:mm")&" முதல் "&TEXT(B2,"dd/mm hh:mm")&" வரை: "&B3&CHAR(10)&B4,4000)
```

கடைசியில் 4000 என்று வெட்டுவதற்குக் காரணம் உண்டு. டெலிகிராம் ஒரு செய்திக்கு 4096 எழுத்துக்குறிகளுக்கு மேல் ஏற்காது. தமிழில் "கு" என்பது இரண்டு குறிகளாக எண்ணப்படும் என்பதால் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் எல்லை வந்துவிடும்.

B4 சூத்திரத்தைச் சிலர் IFERROR கொண்டு எழுதுவார்கள்: எந்தப் பிழை வந்தாலும் "புகார் எதுவும் இல்லை" என்று காட்டும்படி. அதைச் செய்யாதீர்கள். நாளைக்கு யாராவது பதில்கள் உள்ள தாளை அழித்துவிட்டால்கூட, புகார் இல்லை என்றே தினமும் செய்தி போய்க்கொண்டிருக்கும். மேலே உள்ளபடி எழுதினால் செய்தியில் #REF! என்று அசிங்கமாக வந்து விழும். விழட்டும். பார்க்கிறவருக்கு ஏதோ கெட்டுவிட்டது என்று தெரியும்.

அடுத்தது டெலிகிராம் பாட். BotFather என்ற கணக்கைத் தேடி /newbot என்று அனுப்பினால், பெயர் கேட்டு ஒரு நீண்ட டோக்கனைத் தரும். அந்த டோக்கன் யார் கையில் இருந்தாலும் அவர் உங்கள் பாட்டின் பெயரில் செய்தி அனுப்பலாம். ஆகவே அதைக் குழுவில் பகிராதீர்கள். பாட்டைக் குழுவில் சேர்த்து, குழுவில் /start என்று ஒருமுறை எழுதுங்கள். பிறகு உலாவியில் இந்த முகவரியைத் திறந்தால் குழுவின் எண் தெரியும்:

```
https://api.telegram.org/bot<டோக்கன்>/getUpdates
```

"chat" என்பதற்குள் "id" என்று இருப்பதுதான் அந்த எண். குழு என்றால் முன்னால் கழித்தல் குறி இருக்கும். அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் நகல் எடுப்பதால்தான் பலருக்கு முதல் செய்தி போவதில்லை.

இப்போது மேக்கில் ஐந்து பெட்டிகள். முதல் பெட்டி இப்போதைய நேரத்தை ஒரு மாறியில் பிடித்து வைக்கிறது:

```
{{formatDate(now; "YYYY-MM-DD HH:mm:ss"; "Asia/Kolkata")}}
```

இரண்டாவது, அந்த நேரத்தை B2இல் எழுதுகிறது. எழுதியவுடன் சூத்திரங்கள் புதுக் கணக்குப் போடும். மூன்றாவது, B5 கட்டத்தைப் படிக்கிறது. நான்காவது, படித்ததை டெலிகிராம் குழுவுக்கு அனுப்புகிறது. ஐந்தாவது, முதல் பெட்டி பிடித்து வைத்த அதே நேரத்தை B1இல் எழுதுகிறது. ஐந்தாவதில் மறுபடி "இப்போது" என்று கேட்கக் கூடாது. நடுவில் ஓடிய சில நொடிகளுக்குள் வந்த புகார் தவறிவிடும். ஓட வேண்டிய நேரம் தினமும் மாலை 7 மணி என்று வைத்து, கணக்கின் நேர மண்டலத்தையும் சரிபார்த்து, ஆன் செய்தால் முடிந்தது. முதல்முறைக்கு மட்டும் B1இல் நேற்றைய தேதியும் நேரமும் நீங்களே எழுதிவிட வேண்டும்.

இந்த வரிசையில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. டெலிகிராம் பெட்டியில் தடங்கல் வந்தால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். ஐந்தாவது பெட்டி ஓடாது. B1 பழைய நேரத்திலேயே நிற்கும். மறுநாள் செய்தியில் இரண்டு நாள் புகார்களும் சேர்ந்து வரும், எதுவும் தொலையாது. ஐந்தாவதைத் தூக்கி நான்காவதுக்கு முன்னால் வைத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மேக்கில் ஒவ்வொரு பெட்டி ஓடுவதும் ஒரு கணக்கு. தினமும் 5 என்றால் மாதத்துக்கு 150. இலவசக் கணக்கு தரும் 1000த்துக்குள் தாராளமாக அடங்கும். இதையே "புதுப் பதில் வந்ததா என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்" என்று வைத்தால், பார்ப்பதற்கு மட்டுமே நாளைக்கு 96, மாதத்துக்கு 2880 ஆகிவிடும். ஒருநாளில் ஒருமுறை போதும் என்கிற வேலைக்கு அது தேவையே இல்லை.

நடைமுறையில் வரும் தகராறுகள் இரண்டுதான் அதிகம். ஒன்று, செய்தியை அழகுபடுத்த Parse Mode என்ற இடத்தில் மார்க்டவுன் தேர்ந்தெடுப்பது. யாராவது புகாரில் ஒற்றை _ அல்லது * போட்டுவிட்டால் can't parse entities என்று சொல்லி டெலிகிராம் முழுச் செய்தியையும் திருப்பிவிடும். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். இன்னொன்று, சாதாரணக் குழு சூப்பர்குரூப்பாக மாறும்போது அதன் எண் மாறிவிடும். புது எண்ணை எடுத்துப் போட வேண்டும். தொடர்ந்து சில முறை பிழை வந்தால் மேக் அந்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டு மின்னஞ்சல் அனுப்பும். சரிசெய்த பிறகு Run once அழுத்தினால், B1 நின்ற இடத்திலிருந்து பாக்கி எல்லாம் வந்துவிடும்.

புகார் இல்லாத நாளில் செய்தி எதற்கு என்று சிலர் அதை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தக் கூடாது. "0, புகார் எதுவும் இல்லை" என்ற செய்தி தினமும் வந்தால்தான், வராத நாளன்று கருவி நின்றுவிட்டது என்று புரியும். இல்லையென்றால் அமைதிக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும்.

லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டது, மின்கசிவு போன்றவற்றை இந்த ஃபார்மில் சேர்க்கவே வேண்டாம். அவற்றுக்கு மாலை வரை காத்திருக்க முடியாது. காவலாளியின் தொலைபேசி எண்ணை ஃபார்மின் தலையிலேயே எழுதி, அவசரம் என்றால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள்.

அமைத்த அன்றே இரவு 9 மணிக்குச் சோதனைப் புகார் ஒன்றைப் போட்டு வையுங்கள். மறுநாள் மாலைச் செய்தியில் அது இருந்தால் குடியிருப்போரிடம் ஃபார்ம் இணைப்பைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் B1, B2 இரண்டிலும் என்ன நேரம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.