வெந்நீரில் குளித்தால் தோல் ஏன் வறள்கிறது?

மார்கழிக் காலையில் வாளி நிறைய வெந்நீர் விளாவிக் குளிக்கிறோம். உடம்பெல்லாம் நன்றாக நனைகிறது. ஆனால் துவட்டிக்கொண்டு, சீருடை போட்டுக் கிளம்புவதற்குள் காலும் கையும் இழுத்துப் பிடித்தாற்போல் ஆகிவிடுகின்றன. முதல் பாடவேளை முடிவதற்குள் அரிப்பு வேறு வந்துவிடுகிறது. கால் மணி நேரம் தண்ணீரில் நின்ற தோல் குளிப்பதற்கு முன்பு இருந்ததைவிடக் காய்ந்துபோவது எப்படி?

விடை தோலின் மேலே, வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடைசி அடுக்கில் இருக்கிறது. மருத்துவர்கள் இதை ஸ்ட்ராட்டம் கார்னியம் என்பார்கள்; நாம் மேலடுக்கு என்றே சொல்லிக்கொள்வோம். உள்ளங்கையிலும் குதிகாலிலும் இது தடித்திருக்கும். மற்ற இடங்களில் இதன் கனம் ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாக வகுத்தால் வரும் ஒரு பங்கு அளவுதான். அந்தக் கனத்துக்குள் ஏறக்குறைய 15 முதல் 20 வரிசை செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அத்தனையும் உயிரை விட்டுத் தட்டையாகிப்போன செல்கள். உயிர் இல்லாவிட்டாலும் அவற்றுக்குப் பெரிய வேலை இருக்கிறது.

அந்தச் செல்களுக்கு இடையே இருக்கும் சந்துகளை ஒரு கொழுப்புக் கலவை அடைத்திருக்கிறது. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை அது. கொலஸ்ட்ரால் என்றதும் தாத்தா சாப்பிடும் மாத்திரைதான் உங்களுக்கு நினைவுக்கு வரும். இரத்தத்தில் அளவு மீறினால் அது தொல்லைதான். தோலிலோ அது இல்லாமல் காரியம் நடக்காது. இந்த மூன்று கொழுப்புகளும் வரிசை வரிசையாக நெருக்கி அடுக்கப்பட்டிருப்பதால்தான் உடம்புக்குள் இருக்கும் தண்ணீர் உள்ளேயே நிற்கிறது.

முழுவதுமாக நின்றுவிடுவதில்லை. வியர்க்காதபோதும் தோல் வழியாக ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு போகிறது என்று அளக்க ஒரு கருவி உண்டு. அதன் முனையைத் தோல்மீது வைத்தால், ஒரு சதுர மீட்டர் தோலிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிராம் நீர் வெளியேறுகிறது என்று காட்டும். எண் ஏறினால் மேலடுக்கில் கசிவு கூடியிருக்கிறது என்று பொருள்.

இப்போது வெந்நீருக்கு வருவோம். குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கட்டியாகிவிடும் அல்லவா? அதைக் கொஞ்சம் வெயிலில் வைத்தால் இளகிவிடுகிறது. கொழுப்பின் குணமே இதுதான். ஆறினால் அதன் மூலக்கூறுகள் நெருங்கி அணிவகுக்கும், சூடேறினால் வரிசை கலையும். தோலின் கொழுப்புக்கும் இந்தக் குணம் உண்டு. தோலின் வெளிப்பரப்பு வழக்கமாக 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தச் சூட்டில் கொழுப்பு இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. 35 முதல் 40 டிகிரிக்குள் அந்த இறுக்கம் தளர ஆரம்பிக்கிறது. தேங்காய் எண்ணெயைப்போல் அது உருகி ஓடிவிடுவதில்லை. அப்படி உருக இன்னும் நிறையச் சூடு வேண்டும். ஆனால் ஈரம் நழுவிப் போவதற்கு இந்தத் தளர்ச்சியே போதும். பலர் விரும்பிக் குளிக்கும் வெந்நீர் 40 டிகிரிக்கும் மேலே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இதை மனிதர்களின் கைகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகரத்துத் தோல் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு அது. நோய் ஏதும் இல்லாத 50 பேரின் கைகளை வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் வைக்கச் சொல்லி, முன்பும் பின்பும் ஈரக் கசிவை அளந்தார்கள். நீரில் வைப்பதற்கு முன்பு சராசரியாக 26 கிராம். வெந்நீருக்குப் பிறகு அது 59 கிராம் ஆகிவிட்டது. இரண்டு மடங்குக்கும் மேல்! வெந்நீரில் வைத்த கைகள் சிவந்தும் போயின.

குளிர்ந்த நீரில் என்ன ஆனது? அங்கும் 26 என்பது 35 ஆனது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த எண் இதுதான். சூடே இல்லாத தண்ணீரும் கசிவைக் கூட்டுகிறது என்றால், வெப்பத்தைத் தவிர வேறொன்றும் நடக்கிறது என்று தெரிகிறதே!

அது என்ன என்று பார்ப்போம். மேலடுக்கில் இருக்கும் தட்டைச் செல்களுக்குள் அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டிக் அமிலத்தின் உப்புகள் என்று சில சின்னச் சின்னப் பொருள்கள் உண்டு. இவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோல் மெத்தென்று இருப்பது இவற்றால்தான். ஆனால் இவை தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடக்கூடியவை. வெகுநேரம் ஷவரில் நின்றாலோ தொட்டியில் ஊறினாலோ, செல்கள் முதலில் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன. செல்கள் உப்பும்போது இடையில் இருக்கும் கொழுப்பு வரிசைகள் விலகுகின்றன. அந்த வழியே ஈரம் பிடிக்கும் பொருள்கள் கரைந்து வெளியே போகின்றன. குளித்து முடித்ததும் உள்ளே புகுந்த தண்ணீர் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும். அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய பொருளோ சாக்கடையோடு போயாயிற்று. அதனால்தான் குளித்தபிறகு தோல் இழுக்கிறது.

வெகுநேரம் தண்ணீரில் அளைந்தால் விரல் நுனி சுருங்குமே, அதுவும் ஊறுவதால்தானா என்று கேட்பீர்கள். அது வேறு கதை. நரம்பு அறுபட்ட விரல்கள் தண்ணீரில் சுருங்குவதில்லை என்பதை 1930களிலேயே கவனித்துவிட்டார்கள். நரம்புகள் உத்தரவிட, விரல் நுனியின் இரத்தக் குழாய்கள் ஒடுங்குவதால் வரும் சுருக்கம் அது. ஆனாலும் விரல் சுருங்கிவிட்டால், தேவைக்கு மேல் தண்ணீரில் இருந்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சூடும் ஊறலும் சேர்ந்து மேலடுக்கைத் தளர்த்தி வைத்திருக்கும் நேரம் பார்த்து நாம் நுரையைப் பூசுகிறோம். சோப்பு, பாடி வாஷ் எல்லாவற்றிலும் இருக்கும் மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை தண்ணீரோடு சேரும், வால் எண்ணெயோடு சேரும். பல மூலக்கூறுகள் சூழ்ந்து நின்று எண்ணெய்ப் பிசுக்கை வால்களால் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துப் போய்விடும். அழுக்கு போவது இப்படித்தான். ஆனால் மைதானத்தில் ஒட்டிய பிசுக்கு எது, தோலின் சொந்தக் கொழுப்பு எது என்று பிரித்துப் பார்க்க அந்த வாலுக்குத் தெரியாது. கொழுப்பு இறுக்கமாக இருந்தால் கொஞ்சம்தான் வரும். இளகியிருந்தால் நிறைய வந்துவிடும்.

எல்லா நுரையும் ஒரே மாதிரி இல்லை. சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற பொருள் கொழுப்பை எடுப்பதோடு நிற்காமல், செல்லுக்குள் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தையும் பற்றிக்கொண்டு அதை உப்ப வைக்கிறது. அதனால்தான் ஆய்வகங்களில் தோலுக்கு வேண்டுமென்றே எரிச்சலூட்டிப் பார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள். இதன் கரைசலை வெவ்வேறு சூட்டில் வைத்துச் சோதித்தபோது, சூடு ஏற ஏற எரிச்சலும் ஏறியது. பெட்டிக்கடையில் வாங்கும் சாதாரணக் குளியல் சோப்பில் இந்தப் பொருள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது காரத்தன்மை உடையது. தோலின் மேற்பரப்பு இயல்பில் இலேசான அமிலம், அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. சோப்போ 9 முதல் 10. புதிய செராமைடைத் தயாரிக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சூழல் காரமாக மாறினால் அவை சோர்ந்துபோகும். செல்களை உதிர்க்கும் நொதிகளுக்கோ அப்போதுதான் வேகம் பிறக்கும்.

உங்கள் தோலிலேயே இதைப் பார்க்க ஆபத்தில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒரு வாரம் வலது காலின் முன்பக்கத்துக்கு, முழங்காலுக்குக் கீழே, வழக்கம்போல் சோப்பு போடுங்கள். இடது காலின் அதே இடத்தில் சோப்பு வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். நீரின் சூடும் குளிக்கும் நேரமும் இரண்டு காலுக்கும் ஒன்றுதானே? அதனால் வித்தியாசம் தெரிந்தால் அது சோப்பால் வந்தது. இந்த ஒரு வாரம் கால்களில் எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. தினமும் குளித்து அரை மணி நேரம் கழித்து, இரண்டு கால்களிலும் நகத்தால் மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். வறண்ட தோலில் அது வெள்ளைக் கோடாகத் தெரியும். பிரிந்து நிற்கும் செதில்களுக்கு இடையே காற்றுப் புகுந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெள்ளை அது. எந்தக் காலில் கோடு பளிச்சென்று விழுகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். கரப்பான் அல்லது தோல் அழற்சி உள்ள பிள்ளைகள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அவர்களின் மேலடுக்கு ஏற்கெனவே கசியக்கூடியது. மருத்துவர் சொன்னபடி குளிப்பதே நல்லது.

கலைந்த மேலடுக்கைத் தோல் தானாகவே பழுது பார்த்துக்கொள்ளும். கீழே இருக்கும் உயிருள்ள செல்கள் புதிய கொழுப்பை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் நன்றாகச் சேதமான இடம் முழுவதுமாகச் சீராக மூன்று நாள் வரை ஆகலாம். காலையும் மாலையும் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பவரின் தோலுக்கு அந்த அவகாசம் எங்கே கிடைக்கிறது? ஆகவே அக்குள், இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குத் தினமும் சோப்பு போதும். விளையாடி மண் ஒட்டிய அன்று மட்டும் கை கால்களுக்கும் போடலாம். குளியல் 5 முதல் 10 நிமிடத்தில் முடியட்டும். துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வேறு களிம்போ பூசினால், ஊறி உள்ளே போன தண்ணீர் ஆவியாகாமல் கொஞ்ச நேரம் தங்கும்.

நீரின் சூடு 37 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. அதற்கு எப்படி விளாவுவது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹீட்டரிலிருந்து வரும் நீர் 60 டிகிரி, மார்கழியில் குழாய் நீர் 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 60ஐயும் 24ஐயும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 42 டிகிரி வரும். தோலின் கொழுப்பு நன்றாகவே தளரும் சூடு அது. ஒரு பங்கு வெந்நீருக்கு இரண்டு பங்கு குழாய் நீர் கலந்தால் 36 டிகிரி. அதாவது 15 லிட்டர் வாளியில் 10 லிட்டர் குளிர்ந்த நீரை முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு 5 லிட்டர் வெந்நீர் விட வேண்டும். 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், வெந்நீர் பிடிக்கும் வேலையை வீட்டுப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். கொடைக்கானலில் குழாய் நீர் 12 டிகிரிக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே பாதிக்குப் பாதி கலந்தால்தான் 36 வருகிறது.